எஸ்பிஎஃப் இருக்கிறது, சர்வர் "அனுப்பிவிட்டேன்" என்கிறது, மடல் மட்டும் போய்ச் சேரவில்லை

மூன்றாம்சாமம் | மார்ச் 3, இரவு 11.40

என் செயலியில் கணக்குத் தொடங்குபவர்களுக்கு ஓர் உறுதிமடல் போகும். கடவுச்சொல் மறந்தவர்களுக்கு இன்னொன்று. ஓர் அஞ்சல் சேவை வழியாக அனுப்புகிறேன். இரண்டு ஆண்டுகளாகத் தொல்லை இல்லை. இரண்டு வாரமாகப் பாதிப்பேர் "ஸ்பேமில் கிடந்தது" என்கிறார்கள், சிலர் "வரவே இல்லை" என்கிறார்கள். என் பதிவேட்டில் ஒவ்வொன்றுக்கும் 202 என்று விடை வந்திருக்கிறது. டொமைன் பெயரில் யார் யார் மடல் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் பதிவு இருக்கிறது, அதில் அந்தச் சேவையின் பெயரும் இருக்கிறது. என் பக்கம் குறை இல்லை. பெரிய அஞ்சல் நிறுவனங்கள் சிறிய ஆட்களை ஒதுக்கத் தொடங்கிவிட்டன என்றுதான் நினைக்கிறேன். வேறு யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

முந்திரிக்கொட்டை | மார்ச் 3, இரவு 11.52

எஸ்பிஎஃப் பதிவின் கடைசியில் `~all` இருக்கும், அதை `-all` ஆக்குங்கள். டிமார்க் பதிவு இல்லையென்றால் இன்றே போடுங்கள், அதுவும் `p=reject` என்று. கண்டிப்பான டொமைன் என்று தெரிந்தால் அவர்களுக்கு உங்கள்மேல் நம்பிக்கை வரும். எனக்கு இரண்டே நாளில் சரியானது.

மூன்றாம்சாமம் | மார்ச் 4, அதிகாலை 12.15

இரண்டும் செய்துவிட்டேன். தூங்கப் போகிறேன்.

கிணற்றடி | மார்ச் 4, காலை 6.30

அந்த `p=reject` ஐ உடனே எடுங்கள். `p=none` ஆக்குங்கள். காரணம் பிறகு.

ஸ்பேமில் விழுந்த ஒரு மடலைத் திறந்து, "மூலத்தைக் காட்டு" என்பதை அழுத்தி, மேலே வரும் தலைப்பு வரிகளை இங்கே போடுங்கள். நேற்று இரவுக்கு முன் வந்த மடலாக இருக்கட்டும். இன்னொன்று. "ஸ்பேமில் கிடந்தது" என்பவரையும் "வரவே இல்லை" என்பவரையும் ஒரே வரிசையில் நிறுத்தாதீர்கள். இரண்டு வெவ்வேறு நோய்கள். 202 என்பது உங்கள் சேவை மடலை வாங்கி வைத்துக்கொண்டது என்பதற்கான விடை. அதற்குப் பிறகு என்ன ஆனது என்று அது சொல்லாது.

மூன்றாம்சாமம் | மார்ச் 4, காலை 7.05

மாற்றிவிட்டேன். பழைய மடலின் தலைப்பு கீழே. டொமைன் பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். `app.example` நான், `sevai.example` அஞ்சல் சேவை.

```
Return-Path: <b-7f21@bounce.sevai.example>
From: <kanakku@app.example>
Authentication-Results: mx.google.com;
  dkim=pass header.i=@sevai.example header.s=k1;
  spf=pass smtp.mailfrom=b-7f21@bounce.sevai.example
```

இரண்டிலும் `pass` என்று இருக்கிறதே. பிறகு என்ன?

கிணற்றடி | மார்ச் 4, காலை 7.20

தேர்ச்சி பெற்றது யார் என்று பாருங்கள்.

மூன்றாம்சாமம் | மார்ச் 4, காலை 8.10

பார்த்தேன். பத்து நிமிடம் சுவரையே வெறித்துக்கொண்டிருந்தேன்.

என்னைப்போல் இன்னும் யாராவது இருந்தால் அவர்களுக்காக எழுதுகிறேன். மடலில் அனுப்புநர் பெயர் இரண்டு இடத்தில் இருக்கிறது. படிப்பவர் கண்ணில் படுவது `From`. மடல் திரும்பினால் எங்கே போகவேண்டும் என்பதற்காக உறையின்மேல் எழுதப்படுவது `Return-Path`. எஸ்பிஎஃப் சோதிப்பது உறையின்மேல் உள்ள பெயரை. என் மடல்களில் அது சேவையின் டொமைன். அப்படியென்றால் ஜிமெயில் போய்ப் பார்த்தது சேவையின் எஸ்பிஎஃப் பதிவை. நான் இரண்டு ஆண்டுகளாகப் பெருமையாக வைத்திருந்த என் பதிவை இந்த மடல்களுக்காக ஒருவரும் எட்டிப் பார்த்ததே இல்லை. நேற்று இரவு `~all` ஐ `-all` ஆக்கியது நான் கையால் எழுதி அனுப்பும் மடல்களைத்தான் தொடும், செயலியின் மடல்களை அல்ல.

டிகிம் கையெழுத்தும் அதே கதை. கையெழுத்துச் செல்லும், ஆனால் போட்டது சேவை, நான் அல்ல.

இப்போது `p=reject` ஏன் ஆபத்து என்பதும் புரிகிறது. டிமார்க் கேட்பது ஒன்றே ஒன்று: தேர்ச்சி பெற்ற டொமைனும் `From` இல் உள்ள டொமைனும் ஒன்றா? எஸ்பிஎஃப் வழியாகவோ டிகிம் வழியாகவோ ஒன்றாவது பொருந்தவேண்டும். எனக்கு இரண்டும் பொருந்தவில்லை. பொருந்தாத மடலை நிராகரியுங்கள் என்று நானே ஊருக்கெல்லாம் அறிவித்துவிட்டுத் தூங்கப் போயிருக்கிறேன்.

கிணற்றடி | மார்ச் 4, காலை 8.25

அதேதான். அந்த டிமார்க் பதிவின் ஆயுள் எவ்வளவு வைத்திருந்தீர்கள்?

மூன்றாம்சாமம் | மார்ச் 4, காலை 8.31

பலகையில் தானாக வந்த எண்தான். 86400.

ஒற்றைவரி | மார்ச் 4, காலை 8.33

நொடிகள். ஒரு முழு நாள்.

மூன்றாம்சாமம் | மார்ச் 4, இரவு 9.50

ஆம், ஒரு முழு நாள். காலையிலேயே மாற்றிவிட்டேன், ஆனால் பழைய பதிவை நினைவில் வைத்திருந்த சர்வர்கள் மாலைவரை நிராகரித்துக்கொண்டே இருந்தன. சேவையின் பலகையில் திரும்பிய மடல்களைப் பார்த்தேன், வரிசையாக `550-5.7.26`, "டொமைனின் டிமார்க் கொள்கையால் ஏற்கப்படவில்லை" என்ற பொருளில். முந்திரிக்கொட்டை அவர்களே, உங்களைக் குறை சொல்லவில்லை. இரவு 12 மணிக்கு முன்பின் தெரியாதவர் சொல்லைக் கேட்டு டிஎன்எஸ்ஸில் கை வைத்தவன் நான்.

முந்திரிக்கொட்டை | மார்ச் 4, இரவு 10.14

எனக்கு வேலை செய்ததே! என் டொமைனில் நானே சர்வர் வைத்து அனுப்புகிறேன். ஓ, அதனால்தான் உறையிலும் என் பெயரே இருந்திருக்கிறது போலிருக்கிறது. சரி, மன்னிக்கவும். ஆனால் 2024 பிப்ரவரியில் ஜிமெயில் கொண்டுவந்த விதிகள் நாளுக்கு 5000 மடலுக்குமேல் அனுப்புபவர்களுக்கு மட்டும்தான். உங்களுக்கு டிமார்க்கே தேவையில்லை.

கிணற்றடி | மார்ச் 4, இரவு 10.40

பாதி சரி. டிமார்க் பதிவு கட்டாயம் என்பது 5000 ஐ எட்டுபவர்களுக்கு. எஸ்பிஎஃப் அல்லது டிகிம், இரண்டில் ஒன்றாவது வேண்டும் என்பது எல்லாருக்கும். கட்டாயம் இல்லை என்பதற்காக வடிகட்டி அதைப் பார்க்காது என்று பொருள் இல்லை.

தட்டச்சு | மார்ச் 5, காலை 10.02

எனக்கும் இதே பிரச்சினை. எங்கள் தளத்தில் "தொடர்புகொள்ள" படிவம் இருக்கிறது. யாராவது நிரப்பினால் எனக்கு மடல் வரும். சிலர் நிரப்பினால் வருகிறது, சிலர் நிரப்பினால் வருவதில்லை. யாஹூ முகவரி கொடுப்பவர்கள் எல்லாரும் காணாமல் போகிறார்கள். இது என்ன மாயம்?

மூன்றாம்சாமம் | மார்ச் 5, காலை 10.20

இது என் பிரச்சினை இல்லை, ஆனால் நேற்றுப் படித்த பாடத்தில் எனக்கே விடை தெரிகிறது என்று நினைக்கிறேன். உங்கள் படிவம் நிரப்புபவரின் முகவரியையே `From` இல் போடுகிறதா?

தட்டச்சு | மார்ச் 5, காலை 10.26

ஆமாம். அப்போதுதானே "பதிலளி" அழுத்தினால் அவருக்குப் போகும்.

கிணற்றடி | மார்ச் 5, முற்பகல் 11.15

உங்கள் சர்வர் யாஹூ ஆள்போல் நடித்து மடல் அனுப்புகிறது. யாஹூ 2014 ஏப்ரலிலேயே தன் டொமைனுக்கு `p=reject` போட்டுவிட்டது. "எங்கள் பெயரில் வெளியிலிருந்து வருவதைத் தூக்கி எறியுங்கள்" என்று அவர்கள் சொல்வதை உங்கள் அஞ்சல்பெட்டி ஒழுங்காகக் கேட்கிறது. `From` இல் உங்கள் டொமைன் முகவரியையும் `Reply-To` இல் நிரப்பியவரின் முகவரியையும் வையுங்கள். பதில் அவருக்குத்தான் போகும்.

தட்டச்சு | மார்ச் 5, மாலை 4.48

வந்துவிட்டது!!! எத்தனை பேர் எழுதிவிட்டு நான் பதிலே தரவில்லை என்று திட்டியிருப்பார்களோ.

மூன்றாம்சாமம் | மார்ச் 6, இரவு 1.10

இனி என் கதை. சேவையின் பலகையில் "உங்கள் டொமைனில் கையெழுத்திட" என்று ஒரு பக்கம் இரண்டு ஆண்டுகளாக மஞ்சள் நிறத்தில் எனக்காகக் காத்திருந்திருக்கிறது. மூன்று சிநேம் பதிவுகள் தந்தார்கள். இரண்டு டிகிமுக்கு, ஒன்று உறைமேல் போகும் பெயரை `bounce.app.example` ஆக்குவதற்கு. சப்டொமைனாக இருந்தாலும் டிமார்க் பொருத்தமாகவே எடுத்துக்கொள்ளும், நாமே கடுமையாக்கினால் ஒழிய.

பதிவுகளைப் போட்டு ஆறு மணிநேரம் ஆகியும் பலகை "கிடைக்கவில்லை" என்றது. டிஎன்எஸ் பரவ நேரம் ஆகும் என்று என்னையே தேற்றிக்கொண்டிருந்தேன். கடைசியில் எரிச்சலில் இதைக் கொடுத்தேன்:

```
dig +short CNAME k1._domainkey.app.example
dig +short CNAME k1._domainkey.app.example.app.example
```

முதலாவது மௌனம். இரண்டாவது அழகாக விடை தந்தது. நான் முழுப் பெயரையும் ஒட்டியிருக்கிறேன், டிஎன்எஸ் பலகை தன் பங்குக்கு டொமைனைப் பின்னால் சேர்த்திருக்கிறது. `k1._domainkey` என்று மட்டும் எழுதியதும் நான்கு நிமிடத்தில் பச்சை.

ஒற்றைவரி | மார்ச் 6, காலை 6.58

"டிஎன்எஸ் பரவ நேரம் ஆகும்" என்பதில் பாதி, எழுத்துப்பிழையின் புனைபெயர்.

மூன்றாம்சாமம் | மார்ச் 7, காலை 9.30

இப்போது வரும் தலைப்பு:

```
dkim=pass header.i=@app.example header.s=k1;
spf=pass smtp.mailfrom=b-90c4@bounce.app.example;
dmarc=pass (p=NONE) header.from=app.example
```

மூன்றும் என் பெயரில் தேர்ச்சி. மடல் எங்கே விழுந்தது? ஸ்பேமில். சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை.

முந்திரிக்கொட்டை | மார்ச் 7, காலை 9.41

அப்படியென்றால் ஐபி முகவரிதான். பலரோடு பங்கிட்ட ஐபியில் எவனோ குப்பை அனுப்பியிருப்பான், பழி உங்கள்மேல். தனி ஐபி வாங்கிவிடுங்கள்.

கிணற்றடி | மார்ச் 7, மதியம் 12.10

வேண்டாம். தனி ஐபி என்பது யாருக்கும் தெரியாத புது ஆள். நாள்தோறும் ஆயிரக்கணக்கில் ஒழுங்காக அனுப்பினால்தான் அதற்கு நற்பெயர் சேரும். சிறிய அளவில் அனுப்புபவருக்கு நல்ல சேவையின் பங்கு ஐபியே மேல்.

மூன்றாம்சாமம், டிகிம் என்பது அடையாள அட்டை. நீங்கள் யார் என்று அது சொல்லும், நல்லவரா என்று சொல்லாது. இதுவரை உங்கள் மடல் சேவையின் கையெழுத்தில் போனது. இனி நல்லது கெட்டது எல்லாம் உங்கள் டொமைன் கணக்கில் நேராக ஏறும். ஆகவே கேட்கிறேன்: இந்த இரண்டு வாரத்தில் என்ன மாறியது? நாளுக்கு எத்தனை மடல் போகிறது, யாருக்குப் போகிறது?

மூன்றாம்சாமம் | மார்ச் 7, மதியம் 12.30

ஒன்றும் மாறவில்லை. புதிய பயனர்கள் கொஞ்சம் கூடியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

கிணற்றடி | மார்ச் 7, மதியம் 12.34

"கொஞ்சம்" என்றால்?

மூன்றாம்சாமம் | மார்ச் 7, இரவு 11.58

இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

பிப்ரவரி 16 வரை நாளுக்கு 40, 50 உறுதிமடல்கள் போயின. பெற்றவர்களில் பத்தில் எட்டுப்பேர் இணைப்பை அழுத்திக் கணக்கை உறுதிசெய்தார்கள். பிப்ரவரி 17 முதல் நாளுக்கு 600, 650 என்று ஏறியிருக்கிறது. செயலி வளர்கிறது என்று நான் உள்ளூர மகிழ்ந்துகொண்டிருந்தேன். உறுதிசெய்தவர்கள் எத்தனை என்று இன்றுதான் பார்த்தேன். 650 இல் 35.

பெயர்க் கட்டத்தில் அவர்கள் எழுதியிருப்பதைப் பார்த்ததும் வயிறு கலங்கிவிட்டது. முருகனும் இல்லை, மேரியும் இல்லை. "உங்களுக்குப் பரிசுத்தொகை ஒதுக்கப்பட்டுள்ளது, இங்கே பெற்றுக்கொள்ளுங்கள்" என்று ஒரு வரி, அதன் பின்னால் ஓர் இணைப்பு. என் மடல் எப்படித் தொடங்கும்? "வணக்கம்" என்று எழுதி, பக்கத்தில் பெயரை வைப்பேன். ஆக, யாரோ ஒரு நிரல் எங்கிருந்தோ கிடைத்த முகவரிகளை என் படிவத்தில் வரிசையாகப் போட்டிருக்கிறது. அந்த அப்பாவிகள் ஒவ்வொருவருக்கும் என் டொமைனிலிருந்து "வணக்கம், உங்களுக்குப் பரிசுத்தொகை" என்று மடல் போயிருக்கிறது. அவர்கள் என்ன செய்வார்கள்? ஸ்பேம் என்று அழுத்துவார்கள். நானாக இருந்தாலும் அழுத்தியிருப்பேன்.

முதல் நாள் நான் எழுதியதை மீண்டும் படித்தேன். "என் பக்கம் குறை இல்லை." நேற்று முதல் அந்தக் குப்பைக்கு என் சொந்த டிகிம் கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

ஒற்றைவரி | மார்ச் 8, காலை 7.02

முத்திரை குத்திய பரிசுச்சீட்டு.

கிணற்றடி | மார்ச் 8, காலை 8.45

வெட்கப்பட ஒன்றுமில்லை, இது வழக்கமான தந்திரம். அவர்களிடம் நற்பெயர் இல்லை, உங்களிடம் இருந்தது, அதைக் கடன் வாங்கினார்கள். முதல் வேலை, அந்த மடலிலிருந்து பெயரை எடுங்கள். உறுதிசெய்யாத ஒருவர் எழுதியது எதுவும், மடலின் பொருள் வரி உட்பட, வெளியே போகும் மடலில் இடம்பெறக் கூடாது. அது இல்லாவிட்டால் அவர்களுக்கு உங்கள் படிவத்தால் பயன் இல்லை, தாமாகவே போய்விடுவார்கள். மற்ற தடுப்புகள் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

சேவையிடமிருந்து எச்சரிக்கை ஏதும் வரவில்லையா? இவ்வளவு மடல் திரும்பினால் எழுதியிருப்பார்களே.

மூன்றாம்சாமம் | மார்ச் 8, காலை 9.20

வந்திருக்கிறது. பிப்ரவரி 22 அன்று. என் ஸ்பேம் பெட்டியில் இருந்தது.

மூன்றாம்சாமம் | மார்ச் 8, இரவு 10.35

செய்தவை. பெயரை மடலிலிருந்து எடுத்துவிட்டேன். பெயர்க் கட்டத்தில் 40 எழுத்துக்குமேல் ஏற்பதில்லை, `http`, `www` இருந்தால் படிவம் அமைதியாக நன்றி சொல்லும், மடல் போகாது. மனிதர் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டம் வைத்தேன், அதை நிரப்புவது நிரல்தான். ஒரே முகவரிக்கு ஒரு மணிநேரத்தில் ஒரு மடல்தான். ஒரே ஐபியிலிருந்து பத்து நிமிடத்தில் மூன்று பதிவுக்குமேல் இல்லை. கடைசித் தடுப்பு அதிகம் பயன்படவில்லை, அவர்கள் ஒவ்வொரு முறையும் வேறு ஐபியிலிருந்து வருகிறார்கள்.

முந்திரிக்கொட்டை | மார்ச் 10, காலை 8.50

ஜிமெயிலின் போஸ்ட்மாஸ்டர் பக்கத்தில் ஸ்பேம் விகிதம் என்று ஒரு வரைபடம் இருக்கிறது. அதைப் பார்த்தீர்களா? 0.1 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் கவலையே இல்லை.

மூன்றாம்சாமம் | மார்ச் 10, இரவு 9.15

பார்த்தேன். மார்ச் 6 வரை வெற்றிடம். அதன்பிறகு இரண்டு நாளைக்குப் புள்ளி தெரிகிறது, இரண்டும் 0.0! மடல்கள் ஸ்பேமில் குவிகின்றன, புகாரோ பூச்சியம். எப்படி?

கிணற்றடி | மார்ச் 10, இரவு 10.05

மார்ச் 6 வரை உங்கள் டொமைன் பெயரில் டிகிம் கையெழுத்தே இல்லை, அதனால் உங்கள் கணக்கில் எண்ண ஒன்றும் இல்லை. பூச்சியத்துக்குக் காரணம் வேறு. அந்த விகிதம் உள்பெட்டிக்குப் போன மடல்களில் எத்தனை பேர் ஸ்பேம் என்று அழுத்தினார்கள் என்பது. உங்கள் மடல் நேராக ஸ்பேமுக்கே போனால் யார் அழுத்துவார்கள்? ஏற்கெனவே குப்பைத் தொட்டியில் இருப்பதை எடுத்துத் திரும்பக் குப்பையில் போடும் அளவுக்கு யாருக்கும் நேரமில்லை. பூச்சியத்தைக் கண்டு மகிழ்வதற்குமுன் மடல் எங்கே விழுகிறது என்று பார்க்கவேண்டும்.

மூன்றாம்சாமம் | மார்ச் 13, இரவு 11.20

நல்ல செய்தி, கெட்ட செய்தி இரண்டும்.

நல்லது: நிரல்காரர்கள் போய்விட்டார்கள். 9ஆம் தேதி 400, 10ஆம் தேதி 120, நேற்று 52. கிணற்றடி சொன்னதுபோல் பெயரை எடுத்ததுதான் அவர்களை விரட்டியது என்று நினைக்கிறேன். மறைகட்டமும் உதவியிருக்கலாம், பிரித்துச் சொல்ல முடியவில்லை.

கெட்டது: அனுப்பும் எண்ணிக்கை குறைந்ததும் போஸ்ட்மாஸ்டர் வரைபடம் மீண்டும் வெற்றிடமாகிவிட்டது. நாளுக்கு 50 மடல் அனுப்புபவனைப் பற்றி அது எதுவும் சொல்லாது. குப்பை அனுப்பியபோது புள்ளி போட்டார்கள், திருந்தியதும் கண்டுகொள்ளவில்லை.

மூன்றாம்சாமம் | மார்ச் 14, காலை 7.40

இன்று காலை என் ஜிமெயிலுக்குச் சோதனை மடல் அனுப்பினேன். உள்பெட்டியில் விழுந்தது! சரியாகிவிட்டது, இழையை மூடலாம்.

மூன்றாம்சாமம் | மார்ச் 14, காலை 9.55

மேலே எழுதியதை விட்டுவிடுங்கள். என் சொந்தப் பெட்டியில் கடந்த பத்து நாளில் எத்தனை முறை "இது ஸ்பேம் இல்லை" என்று அழுத்தியிருக்கிறேன்? குறைந்தது பதினைந்து. அந்தப் பெட்டி என் மனத்துக்கு இதமாகப் பேசக் கற்றுக்கொண்டுவிட்டது. அது சாட்சி ஆகாது.

இனி நான் நம்பப்போவது ஒரே எண்ணை: உறுதிமடல் பெற்றவர்களில் எத்தனை பேர் ஒரு மணிநேரத்துக்குள் இணைப்பை அழுத்தினார்கள். முன்பு பத்தில் எட்டு. நேற்று 52 இல் 23. வேறு யாரிடமும் வரைபடம் கேட்கத் தேவையில்லை, எண் என் தரவிலேயே இருக்கிறது. இதை முன்பே பார்த்திருந்தால் பிப்ரவரி 18 அன்றே விஷயம் தெரிந்திருக்கும்.

தட்டச்சு | மார்ச் 15, பிற்பகல் 2.30

பேசாமல் `puthu.app.example` என்று ஒரு சப்டொமைனிலிருந்து அனுப்பலாமே. கறை படியாத புதுப்பெயர்.

முந்திரிக்கொட்டை | மார்ச் 15, பிற்பகல் 2.44

நானும் அதையே சொல்ல வந்தேன். என் நண்பர் அப்படிச் செய்துதான் தப்பித்தார்.

கிணற்றடி | மார்ச் 15, மாலை 6.20

கணக்கு மடலையும் விளம்பர மடலையும் வேறு வேறு சப்டொமைனில் வைப்பது நல்ல பழக்கம். ஒன்று கெட்டால் மற்றது பிழைக்கும். கெட்டபின் தப்பி ஓடுவதற்காகப் புதிது தொடங்குவது வேறு. குப்பை அனுப்புபவர்கள் செய்வதும் அதைத்தான், வடிகட்டிகளுக்கு அது பழகிய நடை. தாய் டொமைனின் பெயர் பிள்ளைமேல் எவ்வளவு படியும் என்பதில் ஒவ்வொரு நிறுவனமும் ஒரு கணக்கு வைத்திருக்கிறது, வெளியே சொல்வதில்லை. நான் பொறுத்திருப்பேன்.

முந்திரிக்கொட்டை | மார்ச் 15, மாலை 6.31

என் நண்பருக்கு வேலை செய்தது என்பது உண்மைதானே.

கிணற்றடி | மார்ச் 15, மாலை 6.33

உண்மையாக இருக்கலாம். `p=reject` உங்களுக்கு வேலை செய்ததும் உண்மை.

மூன்றாம்சாமம் | மார்ச் 15, இரவு 11.05

பொறுத்திருக்கிறேன். சண்டையை நிறுத்துங்கள். இதற்கிடையில் டிமார்க் அறிக்கைகள் வரத் தொடங்கியிருக்கின்றன. எக்ஸ்எம்எல், மனிதர் படிப்பதற்காக எழுதியது அல்ல. அதில் ஒன்றில் என் டொமைன் பெயரில் எனக்குத் தெரியாத ஓர் ஐபி மடல் அனுப்பியிருப்பதாகக் கண்டு பதறிவிட்டேன். தேடிப் பார்த்தால் ரசீது அனுப்ப நான் போன வருடம் அமைத்து மறந்துபோன வேறொரு சேவை. `p=reject` நீடித்திருந்தால் ரசீதுகளும் செத்திருக்கும்.

மூன்றாம்சாமம் | மார்ச் 22, இரவு 10.10

48 இல் 34. ஏறுகிறது. இந்த வாரம் "ஸ்பேமில் கிடந்தது" என்று எழுதியவர் இரண்டே பேர்.

ஆனால் "வரவே இல்லை" என்பவர்கள் குறையவில்லை. இன்னும் சிலர் பிடிவாதமாக எழுதுகிறார்கள். ஸ்பேமிலும் இல்லையாம். என் பதிவேட்டில் வழக்கம்போல் 202.

கிணற்றடி | மார்ச் 22, இரவு 10.48

இரண்டு நோய் என்றேனே. சேவையின் பலகையில் தடைப்பட்டியல் என்று ஒன்று இருக்கும். ஒரு முகவரிக்குப் போன மடல் நிரந்தரமாகத் திரும்பினால் அந்த முகவரி அதில் ஏறும். அதன்பின் நீங்கள் எத்தனை முறை அனுப்பினாலும் சேவை வாங்கிக்கொள்ளும், 202 சொல்லும், வெளியே அனுப்பாது.

மார்ச் 4 அன்று திரும்பிய மடல்களை நினைத்துப் பாருங்கள். 5 இல் தொடங்கும் குறியீடு என்றால் நிரந்தரம்.

மூன்றாம்சாமம் | மார்ச் 23, இரவு 12.50

ஐயோ.

மூன்றாம்சாமம் | மார்ச் 23, காலை 11.30

பட்டியலில் 1,912 முகவரிகள். ஒட்டுமொத்தமாக அழிக்க விரல் துடித்தது. நல்லவேளை, முதலில் ஏற்றுமதி செய்து காரணத்தின்படி பிரித்தேன்.

1,604 முகவரிகளுக்கு `5.1.1`, அப்படி ஒரு பெட்டியே இல்லை. நிரல்காரர்கள் போட்ட செத்த முகவரிகள். அவை பட்டியலிலேயே கிடக்கட்டும். திரும்பவும் அவற்றுக்கு அனுப்பினால் இருக்கும் கொஞ்ச நற்பெயரும் போகும். 290 முகவரிகளுக்கு `5.7.26`, எல்லாம் மார்ச் 4 அன்று நான் செய்த புண்ணியம். மீதி 18 பலவகை.

அந்த 290 இல் பெரும்பாலோர் நிரல்காரர்களிடம் சிக்கிய அப்பாவிகள், என் செயலியைக் கேள்விப்பட்டிருக்கக்கூட மாட்டார்கள். ஏற்கெனவே கணக்கை உறுதிசெய்திருந்து, கடவுச்சொல் மறந்து மடல் கேட்டவர்கள் 23 பேர். இவர்கள் உண்மையான பயனர்கள், சந்தேகமே இல்லை. அந்த 23 முகவரிகளைப் பட்டியலிலிருந்து எடுத்தேன்.

அன்று முதல்முறையாக, உண்மையாகவே, கணக்குத் தொடங்க வந்தவர்களும் சிலர் மற்றவர்களில் இருந்திருப்பார்கள். பெயர்க் கட்டத்தில் இணைப்பு இல்லாத 11 முகவரிகள் இருக்கின்றன. அவர்களுக்கு நானாக மடல் அனுப்பலாமா, கூடாதா?

முந்திரிக்கொட்டை | மார்ச் 23, மதியம் 12.05

அனுப்புங்கள், பாவம்.

கிணற்றடி | மார்ச் 23, மதியம் 12.40

தடையை மட்டும் எடுத்துவிடுங்கள். அவர்களாக வந்து கேட்டால் மடல் போகட்டும். நீங்களாக அனுப்பாதீர்கள்.

மூன்றாம்சாமம் | மார்ச் 23, இரவு 8.15

தடையை எடுத்தேன், அனுப்பவில்லை. முந்திரிக்கொட்டை சொல்வதிலும் நியாயம் இருப்பதாகவே படுகிறது, ஆனால் இந்த மாதம் எனக்கு நியாயத்தைவிடப் பயம் அதிகம்.

மூன்றாம்சாமம் | ஏப்ரல் 6, இரவு 9.30

51 இல் 40. பழைய விகிதத்துக்கு வந்துவிட்டது. டிமார்க்கை `p=quarantine` ஆக்கினேன், இந்த முறை ஆயுள் 300 நொடி வைத்து, பகல் 11 மணிக்கு, ரசீதுச் சேவைக்கும் டிகிம் அமைத்தபிறகு.

முதல் நாள் இந்த இழையைத் தொடங்கக் காரணமான ஒரு பயனர் இன்னும் மடல் வரவில்லை என்கிறார். தடைப்பட்டியலில் அவர் `5.1.1` பிரிவில் இருந்தார், அதனால் நான் தொடவில்லை. இன்று அவருடைய முகவரியை எழுத்து எழுத்தாகப் படித்தேன். `gmial.com`.

ஒற்றைவரி | ஏப்ரல் 6, இரவு 9.34

அவருக்கு எப்படித் தெரிவிப்பீர்கள், மடலிலா?